மழைக்கால உற்பத்தி அறிக்கையில் மழுப்பல் சொற்கள்: நீக்கும்போது நேரும் தவறுகள்

கல்லிடைக்குறிச்சி அப்பளத் தொழிற்கூடம் ஒன்றில் கணக்கு எழுதுபவர், வெயில் இல்லாத நாட்களில் பயன்படுத்த உலர்த்தும் இயந்திரம் வாங்கலாமா என்று முதலாளிக்கு அறிக்கை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பின்வரும் எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக அமைத்தவை. அறிக்கையின் முதல் வரைவு இப்படி இருக்கிறது:

"மழைக்காலத்தில் உற்பத்தி கணிசமாகக் குறைவதாகத் தெரிகிறது. வெயில் இல்லாமையே இதற்குக் காரணமாக இருக்கலாம் எனக் கருதப்படுகிறது. இயந்திரம் வாங்கினால் நிலைமை ஓரளவு மேம்பட வாய்ப்புள்ளது. எனவே இதுகுறித்துப் பரிசீலிக்கலாம்."

இதே மனிதர் நேரில் பேசும்போது, "அண்ணாச்சி, மழை பெஞ்சா சரக்கு காய மாட்டேங்கு" என்று பட்டென்று சொல்லிவிடுவார். எழுத உட்கார்ந்ததும் 'தெரிகிறது', 'எனலாம்', 'கருதப்படுகிறது' என்று ஒதுங்கிக்கொள்வதற்குப் பணிவும் ஒரு காரணம், பின்னால் பழி வந்துவிடுமோ என்ற அச்சமும் ஒரு காரணம். ஆனால் மூன்றரை லட்சத்துக்கும் மேல் செலவழிக்கப்போகும் முதலாளிக்கு இந்த நான்கு வாக்கியங்களில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

இதைத் திருத்த முனைபவர் செய்யும் முதல் தவறு, மழுப்பல் சொற்களை அடித்துவிட்டு மிச்சத்தை அப்படியே விடுவது. "மழைக்காலத்தில் உற்பத்தி குறைகிறது. வெயில் இல்லாமையே காரணம். இயந்திரம் வாங்கினால் நிலைமை மேம்படும்." படிக்கத் தெளிவாக இருக்கிறது, ஆனால் முன்பு சந்தேகமாக இருந்த செய்தி எந்தப் புதிய ஆதாரமும் இல்லாமல் உறுதியாகிவிட்டது. இந்த மூன்று வாக்கியங்களிலும் இருந்த சந்தேகம் ஒரே வகையானதும் அல்ல. முதலாவதில் எழுதியவர் பதிவேட்டைப் புரட்டவில்லை. இரண்டாவதில் காரணத்தை ஊகித்திருக்கிறார். மூன்றாவது இன்னும் நடக்காத ஒன்றைப் பற்றியது. ஆகவே ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வேலை செய்தாக வேண்டும்.

'கணிசமாகக் குறைவதாகத் தெரிகிறது' என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். இங்கே சந்தேகத்துக்கு இடமே இல்லை, ஏனென்றால் விடை சரக்குப் பதிவேட்டில் இருக்கிறது. 2024 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மாதச் சராசரி உற்பத்தி 2,400 கிலோ. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்று மாதமும் சேர்ந்து 4,200 கிலோ, அதாவது மாதம் 1,400 கிலோ. எனவே வாக்கியம் இப்படி ஆகிறது: "2024 வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மாத உற்பத்தி சராசரியாக 2,400 கிலோவிலிருந்து 1,400 கிலோவாக, ஏறக்குறைய 42 சதவீதம் குறைந்தது." இதிலுள்ள 'ஏறக்குறைய' மழுப்பல் ஆகாது. கிலோக் கணக்கில் முழுமையாக்கி எழுதப்பட்ட பதிவேட்டிலிருந்து 41.67 என்று எடுத்துப் போட்டால்தான், இல்லாத துல்லியத்தைக் காட்டிக்கொண்டதாகும்.

இந்த இடத்தில் இன்னொரு தவறு காத்திருக்கிறது. எண்ணைத் தேடிப் போகிறவர் கையில் 2023-ஆம் ஆண்டுப் பதிவேடும் அகப்படும். அந்த ஆண்டும் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மாதச் சராசரி 2,400 கிலோவே, ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்று மாதமும் சேர்ந்து உற்பத்தி 3,150 கிலோதான். வீழ்ச்சி 56 சதவீதம். அழுத்தமாகச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்துவிட்டவருக்கு, 42-ஐ விட்டுவிட்டு 56-ஐத் தூக்கிப் பிடிக்கத்தான் கை போகும். ஆனால் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரைபுரண்டு ஓடியதையும், திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் எவ்வளவோ தொழில்கள் நின்றுபோனதையும் இப்பக்கத்தில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. அந்த வெள்ளத்தை வழக்கமான மழைக்காலக் கணக்கில் சேர்த்தால் எண் உண்மையாக இருந்தும் கூற்று பிழையாகிவிடும். 2023-இன் எண்ணைச் சொல்லலாம், வெள்ளம் அதில் அடங்கியிருக்கிறது என்பதை அதே வாக்கியத்தில் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'பொதுவாக மழைக்காலத்தில்' என்று இரண்டு ஆண்டுகளையும் ஒன்றாகக் கட்டுவதற்குப் பதில், எந்த ஆண்டு, எந்த மாதங்கள் என்று எல்லையைக் குறிப்பதே இங்கே நேரடியான எழுத்து.

காரணத்தைச் சொல்லும் வாக்கியத்தில்தான் மிகுதியான பிழைகள் நேர்கின்றன. மழை பெய்த மாதங்களில் உற்பத்தி குறைந்தது என்பதிலிருந்து மழையால் குறைந்தது என்று தாவுவது எளிது. தீபாவளியும் அந்தக் காலத்தில்தான் வருகிறது, ஆள் கிடைப்பதில்லை. ஆர்டரே குறைந்திருக்கவும் இடம் உண்டு. இதைச் சரிபார்க்கப் பெரிய ஆய்வு எதுவும் வேண்டாம். வேலை நின்ற நாட்களில் காரணத்தைக் குறித்துவைக்கும் வழக்கம் அந்தக் கூடத்தில் இருந்தால் அந்தப் பக்கங்களை எண்ணினாலே போதும். மூன்று மாதத்தில் வேலை நாட்கள் 75. அவற்றுள் 31 நாட்கள் அப்பளம் போடவில்லை. மழை என்று எழுதியிருப்பவை 24, ஆள் வரவில்லை என்பவை 5, உளுந்து மாவு வரவில்லை என்பவை 2. வழக்கமான நாளில் 96 கிலோ ஆகும் என்பதால், மழை நாட்களில் போனது சுமார் 2,300 கிலோ. மொத்தக் குறைவு 3,000 கிலோ.

இப்போது சந்தேகச் சொல் இல்லாமல், ஆனால் மிகைப்படுத்தாமல் எழுத முடிகிறது: "வேலை நின்ற 31 நாட்களில் 24 நாட்கள் மழையால் நின்றன, குறைந்த 3,000 கிலோவில் சுமார் 2,300 கிலோ இந்த நாட்களுக்குரியது." முதல் வரைவின் 'காரணமாக இருக்கலாம்' என்பதைவிட இது உறுதியானது. 'வெயில் இல்லாமையே காரணம்' என்பதைவிட அடக்கமானதும்கூட. அந்த 'ஏ' என்ற ஓரெழுத்து, ஆள் வராத நாட்களையும் மாவு வராத நாட்களையும் கணக்கிலிருந்து விரட்டிவிடுகிறது. ஆர்டர் குறைந்ததா என்பதற்கும் விடை உண்டு. அந்த மூன்று மாதத்தில் வந்த ஆர்டர் 6,900 கிலோ, அனுப்பியது 4,200. மீதி 2,700 கிலோ கொடுக்க முடியாமல் போனது. பதிவேட்டில் இப்படிக் குறிப்பே இல்லாத கூடமாக இருந்தால் என்ன செய்வது? அப்போது 'காரணமாக இருக்கலாம்' என்பதுதான் சரியான வாக்கியம். அதை நீக்கக் கூடாது. "வேலை நின்ற நாட்களுக்குக் காரணம் பதிவு செய்யப்படவில்லை" என்ற வரியை மட்டும் அதனுடன் சேர்க்க வேண்டும்.

எதிர்காலத்தைப் பற்றிய வாக்கியத்தில் 'வாய்ப்புள்ளது' என்பதை 'மேம்படும்' என்று மாற்றுவது வாக்குறுதி கொடுப்பதாகும். நடக்கப்போவதை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் எந்த நிபந்தனையின்மேல் எவ்வளவு என்பதை உறுதியாகச் சொல்லலாம். இயந்திரம் விற்பவர் கொடுத்த கொட்டேஷனில் நாளொன்றுக்கு 60 கிலோ உலர்த்தும் என்றிருக்கிறது, விலை 3,60,000 ரூபாய். மழை நாட்கள் 24 என்றால் மீட்கக்கூடியது 1,440 கிலோ. மழையால் இழந்தது 2,300 கிலோவாக இருந்தாலும் இயந்திரம் அவ்வளவையும் மீட்டுத் தராது. கிலோவுக்கு 40 ரூபாய் மிஞ்சுகிறது என்று கொண்டால் ஆண்டுக்கு 57,600 ரூபாய். போட்ட பணம் திரும்ப ஆறு ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆகும், அதுவும் மின்கட்டணத்தைக் கழிக்காமல்.

மழுப்பலை வெறுமனே அடித்துவிட்டு எழுதிய வடிவத்தை நம்பியவர் என்ன கணக்குப் போட்டிருப்பார் என்று பாருங்கள். வெயில் இல்லாமையே காரணம், இயந்திரம் வந்தால் சரியாகும். ஆகவே 3,000 கிலோவும் திரும்ப வரும். ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். மூன்றே ஆண்டில் முதல் திரும்பிவிடும். கொடுக்க முடியாமல் போன ஆர்டரே 2,700 கிலோதான் என்பதுகூட அந்தக் கணக்கில் இடிக்கும். ஆறு ஆண்டு மூன்று ஆண்டாகச் சுருங்கியதற்குப் பொய்யான எண் எதுவும் காரணம் இல்லை.

கொட்டேஷனில் உள்ள 60 கிலோவை யார் சொன்னது என்பதும் வாக்கியத்தில் இருக்க வேண்டும். 'நாளொன்றுக்கு 60 கிலோ உலர்த்துவதாகக் கூறப்படுகிறது' என்று எழுதினால் கூறியவர் மறைந்துவிடுகிறார். 'நாளொன்றுக்கு 60 கிலோ உலர்த்தும்' என்று எழுதினால் விற்பவரின் பேச்சை அறிக்கை எழுதுபவர் தம் தலையில் ஏற்றிக்கொள்கிறார். "60 கிலோ என்பது விற்பனையாளரின் கொட்டேஷனில் உள்ளது, நமது அப்பளத்தில் சோதிக்கப்படவில்லை" என்பதே நேரான வடிவம். அப்பளத்தைப் பொறுத்தவரை இது வெறும் சடங்குக் குறிப்பு அல்ல. வேகமாகக் காய்ந்தால் விளிம்பு சுருண்டு வெடிக்கும், ஈரம் மிஞ்சினால் பூசணம் பிடிக்கும். வேறொரு பண்டத்தை வைத்துச் சொன்ன 60 கிலோ இங்கே குறையலாம். இந்தக் 'குறையலாம்' நீடிக்க வேண்டிய சொல், ஏனென்றால் அது எதைச் சோதித்தால் தீரும் என்பதும் உடன் சொல்லப்பட்டிருக்கிறது.

கடைசி வாக்கியமான 'பரிசீலிக்கலாம்' என்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பரிசீலிக்கச் சொல்லித்தான் முதலாளி அறிக்கையே கேட்டார். வாங்கலாம், வேண்டாம், இன்னது தெரிந்தபின் முடிவு செய்யலாம் என்ற மூன்றில் ஒன்றை எழுத வேண்டும். மதிப்புக் குறைவாகத் தோன்றுமோ என்று தயங்குபவர், 'பரிந்துரைக்கிறேன்' என்று தன்மையில் எழுதினால் மரியாதையும் கெடாது, பொறுப்பும் தெளிவாக இருக்கும்.

திருத்திய பத்தி இவ்வாறு அமையும்:

"இயந்திரத்தை இப்போது வாங்க வேண்டாம் என்றும், அப்பளத்தை விற்பனையாளரிடம் கொடுத்துச் சோதித்தபின் முடிவு செய்யலாம் என்றும் பரிந்துரைக்கிறேன். 2024 அக்டோபர் முதல் டிசம்பர் வரை மாத உற்பத்தி 2,400 கிலோவிலிருந்து 1,400 கிலோவாகக் குறைந்தது. வேலை நின்ற 31 நாட்களில் 24 நாட்கள் மழையால் நின்றன. அந்நாட்களில் இழந்தது சுமார் 2,300 கிலோ. கொட்டேஷனில் உள்ளபடி நாளுக்கு 60 கிலோ உலர்ந்தால் 1,440 கிலோ மீட்கப்படும், முதல் திரும்ப ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். மின்கட்டணம் இதில் கழிக்கப்படவில்லை. ஜூன், ஜூலை மாதச் சாரல் நாட்களில் கிடைக்கக்கூடிய பயனும் சேர்க்கப்படவில்லை. 2023-இல் வீழ்ச்சி 56 சதவீதம். அதில் டிசம்பர் வெள்ளமும் அடங்கும் என்பதால் அந்த ஆண்டைக் கணக்குக்கு அடிப்படையாகக் கொள்ளவில்லை."

இது முதல் வரைவைவிட நீளமானது. நீண்ட இடங்கள் எல்லாம் எண்ணும் எல்லையும் சேர்ந்த இடங்கள்தாம். முதலாளி உடனே கேட்கப்போகும் கேள்வி சாரல் நாட்களைப் பற்றியதாக இருக்கும், ஏனென்றால் அவற்றையும் சேர்த்தால் ஆறு ஆண்டு குறையும். அந்த நாட்களையும் எண்ணிவைத்துக்கொண்டு அறிக்கையைக் கொடுப்பது நல்லது.