குளிர்ந்த நீரிலிருந்து மீட்டவருக்கு முதலுதவி: கரையேற்றிய பிறகு செய்யும் தவறுகள்

படகு கவிழ்ந்து, 8 டிகிரி நீரில் முக்கால் மணி நேரம் கிடந்த ஒருவரைக் கரைக்குக் கொண்டுவருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மிதவைச் சட்டை அணிந்திருந்ததால் அவர் மூழ்கவில்லை. பற்கள் கிடுகிடுக்க நடுங்கினாலும் பேசுகிறார். "ஒன்றுமில்லை, நானே நடந்து வருகிறேன்" என்கிறார். இரண்டு பேர் கைத்தாங்கலாக நிமிர்த்தி நிற்கவைக்கிறார்கள். நாலைந்து அடி நடந்ததும் முகம் வெளிறி, கால் மடங்கி விழுகிறார். முக்கால் மணி நேரம் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தவர் கரையில் எப்படி விழுந்தார்?

நீரில் இருக்கும்போது அதன் அழுத்தம் கால்களையும் இடுப்பையும் சுற்றிலும் இறுக்கிப் பிடித்து, இரத்தத்தை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது. நிமிர்த்தித் தூக்கியதும் அந்தப் பிடி போய்விடுகிறது. இரத்தம் கால்களில் தேங்குகிறது. குளிர்ந்துபோன இதயத்தால் வேகத்தைக் கூட்டி அதை ஈடுகட்ட முடிவதில்லை. இரத்த அழுத்தம் சரிந்து மூளைக்கு இரத்தம் போதாமல் போகிறது. அதனால் முடிந்தவரை படுத்த நிலையிலேயே நீரிலிருந்து எடுக்க வேண்டும். எடுத்த பிறகும் படுத்த நிலையிலேயே வைக்க வேண்டும். மூழ்கும் அபாயம் இருந்தால் மட்டும் எப்படியாவது தூக்கிவிடுங்கள், அங்கே நேரம்தான் முக்கியம். ஆனால் தூக்கிய உடனே கிடத்துங்கள்.

நடக்கவைப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நீரிலிருந்து வெளியே வந்த பிறகும் உடலின் உள்வெப்பம் சிறிது நேரம் இறங்கிக்கொண்டே போகும். வெளிப்புறத் தசைகளும் தோலும் உள்ளுறுப்புகளைவிட மிகவும் குளிர்ந்திருப்பதால், வெப்பம் உள்ளிருந்து வெளியே கசிந்துகொண்டே இருக்கிறது. அந்த நேரத்தில் கால்களை இயக்கினால், அங்கே தேங்கியிருந்த குளிர்ந்த இரத்தமும் இதயத்தை நோக்கித் திரும்புகிறது. தெளிவாகப் பேசுகிறவரையும் குறைந்தது அரை மணி நேரம் போர்த்திக் கிடத்திய பிறகே எழுப்ப வேண்டும் என்பது இதனால்தான்.

எந்தக் கட்டம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் அது ஹைப்போதெர்மியா, அதாவது உடல் வெப்பக்குறைவு. 35 முதல் 32 வரை லேசான கட்டம், 32 முதல் 28 வரை நடுத்தரம், 28-க்குக் கீழே கடுமையானது. இந்த எண்களைக் கேட்டதும் பலரும் வெப்பமானியைத் தேடுவார்கள். காய்ச்சலுக்கு வைத்திருக்கும் பாதரச வெப்பமானியின் அளவுக்கோடுகள் பெரும்பாலும் 35-இல்தான் தொடங்குகின்றன. நமக்குத் தேவையான பகுதி அதில் கிடையவே கிடையாது. நடுங்குகிறவரின் வாயிலோ அக்குளிலோ வைத்து எடுத்த அளவு உள்ளே இருக்கும் வெப்பத்தைச் சொல்லாது. கையைத் தொட்டுப் பார்ப்பதாலும் பயனில்லை. குளிர்ந்த நீரில் ஐந்து நிமிடம் இருந்தவரின் கையும் சில்லிட்டுத்தான் இருக்கும்.

நோயாளியைக் கவனிப்பதுதான் வழி. லேசான கட்டத்தில் நடுக்கம் பலமாக இருக்கும், நினைவும் பேச்சும் பிசகாது. நடுத்தரக் கட்டத்தில் நாக்கு குழறும். கேட்ட கேள்விக்கு வேறு பதில் வரும். எரிச்சலோ அசட்டையோ தெரியும். நடுக்கம் மெல்ல அடங்கத் தொடங்கும். குளிரில் இருந்துகொண்டே உடையைக் கழற்றி எறிகிறவர்களும் உண்டு. 28-க்குக் கீழே பெரும்பாலும் நினைவு போய்விடும், நாடி மெதுவாகும், சுவாசம் அரிதாகும். ஆளுக்கு ஆள் இந்த எல்லைகள் ஓரிரண்டு டிகிரி முன்பின் மாறும். பட்டன் போட முடியாமல் விரல்கள் விறைத்திருப்பதை மட்டும் வைத்துக் கட்டத்தைத் தீர்மானிக்காதீர்கள், உள்வெப்பம் இயல்பாக இருப்பவருக்கும் அது நேரும். பேச்சையும் அறிவுத்தெளிவையும் நம்புங்கள். இன்று என்ன கிழமை, உடன் வந்தவர்கள் யார் என்று சில நிமிடங்களுக்கு ஒரு முறை கேட்டுக்கொண்டே இருங்கள்.

இங்கேதான் உயிரைப் பறிக்கும் ஒரு தவறு நடக்கிறது. நடுக்கம் நின்றதும், "தேறிவிட்டார், தூங்கட்டும்" என்று சுற்றியிருப்பவர்கள் நிம்மதி அடைகிறார்கள். நடுக்கம் என்பது உடலே மூட்டும் அடுப்பு. ஓய்வில் உண்டாகும் வெப்பத்தைப்போல ஐந்து மடங்கு வரை அதனால் உண்டாக்க முடியும். அந்த அடுப்பு இரண்டு காரணங்களால் அணையலாம்: உடல் சூடேறியதால், அல்லது எரிக்கும் வலுவே போய்விட்டதால். சூடேறி நின்றிருந்தால் பேச்சு முன்பைவிடத் தெளிவாக இருக்கும், தானே கையை நீட்டிக் கோப்பையை வாங்குவார். வலுவிழந்து நின்றிருந்தால் பதில் மந்தமாகும், கண் செருகும். அந்த இரண்டாவது நிலையைக் கண்டால், அவர் லேசான கட்டத்திலிருந்து நடுத்தரக் கட்டத்துக்கு இறங்குகிறார் என்று பொருள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய நேரம் அது.

அன்போடு செய்யும் கெடுதல்கள்

உள்ளங்கையையும் காலையும் பரபரவென்று தேய்ப்பது யாருக்கும் இயல்பாக வரும் செயல். அதனால் உள்ளே வெப்பம் ஏறாது. விறைத்த தோல் காயப்படும், கைகால்களின் குளிர்ந்த இரத்தம் கிளறப்படும். கடுமையான கட்டத்தில் இருப்பவரை உலுக்குவது அதைவிட ஆபத்தானது. அவ்வளவு குளிர்ந்த இதயம் ஒரு முரட்டு அசைவிலேயே தாளம் தப்பி, இரத்தத்தைத் தள்ளாமல் வெறுமனே துடிதுடிக்கத் தொடங்கிவிடலாம். அவரை ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போது கண்ணாடிப் பாத்திரத்தைத் தூக்குவதுபோலத் தூக்குங்கள்.

சுடுநீர்க் குளியலும் அப்படித்தான். தோலின் இரத்தக்குழாய்கள் சட்டென்று விரிந்து இரத்த அழுத்தம் இறங்கும். நிற்கும் ஷவரில் என்றால் அங்கேயே விழுவார். உணர்ச்சியற்ற தோல் வெந்துபோனாலும் அவருக்குத் தெரியாது. மது கொடுத்தால் சூடு வந்ததுபோல ஓர் உணர்வு வரும். உண்மையில் தோலின் குழாய்கள் விரிந்து வெப்பம் வெளியே போகிறது, நடுக்கமும் மட்டுப்படுகிறது.

அப்படியானால் என்ன செய்வது? காற்று வீசாத இடத்தில் கிடத்துங்கள். ஈரத் துணிகளைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுங்கள். சட்டையைத் தலைவழியாகக் கழற்றக் கை கால்களை இழுத்து வளைக்காதீர்கள். ஒற்றி ஈரம் எடுங்கள். போர்வையை மேலே மட்டும் குவிப்பது எல்லோரும் செய்யும் பிழை. தரை வெப்பத்தை ஓயாமல் உறிஞ்சும், உடலின் எடையால் கீழிருக்கும் துணி நசுங்கி மெலியும். அதனால் மேலே போடுவதைவிடக் கீழே தடிமனாக விரியுங்கள். தலை, கழுத்து உட்படச் சுற்றி, வெளியே ஒரு பிளாஸ்டிக் விரிப்பால் மூடினால் காற்றும் ஈர ஆவியும் வெப்பத்தைக் கொண்டுபோகாது. ஒதுங்க இடமில்லாத வெட்டவெளியில், அவிழ்க்க நேரமில்லை என்றால் ஈரத் துணியோடேயே பிளாஸ்டிக்கில் சுற்றி, அதற்கு மேல் போர்வைகளைச் சுற்றுங்கள். பளபளக்கும் வெள்ளித்தாள் போர்வை மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். அதன் அடியில் கனமான துணி இல்லாவிட்டால் அது பெரிதாக உதவாது.

சுடுநீர்ப் பை இருந்தால் துணியில் சுற்றி மார்பு, அக்குள், மேல்முதுகு ஆகிய இடங்களில் வையுங்கள், கைகால்களில் வேண்டாம். தெளிவாக விழுங்கக்கூடியவருக்கு மட்டும், தலையைச் சற்று உயர்த்தி, சர்க்கரை அதிகமாகப் போட்ட வெதுவெதுப்பான பானம் கொடுங்கள். அதன் சூட்டைவிட, நடுக்கத்துக்கு எரிபொருளாகும் சர்க்கரைதான் அங்கே பெரிய உதவி. பேச்சு குழறுகிறவருக்கு ஒரு சொட்டும் கொடுக்கக் கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

மூச்சில்லை என்றால்

நீரில் விழுந்து ஐந்தே நிமிடத்தில் மயங்கிய நிலையில் எடுக்கப்பட்டவரைப் பார்த்து, "குளிரால் மயங்கிவிட்டார், முதலில் போர்த்துங்கள்" என்பார்கள். உறைநிலைக்கு அருகிலிருக்கும் நீரில்கூட, வளர்ந்த ஒருவருக்கு உள்வெப்பம் கவலைப்படும் அளவுக்கு இறங்க ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். ஐந்தாவது நிமிடத்தில் மூச்சில்லை என்றால், குளிர் தாக்கிய அதிர்ச்சியில் திணறி நீரை இழுத்திருக்கிறார், அது மூழ்கல். போர்வை பிறகு. பயிற்சி பெற்றவர் முதலில் ஐந்து முறை வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டும். அசைவில்லை என்றால் மார்பில் 30 அழுத்தம், 2 மூச்சு என்ற கணக்கில் சிபிஆர் எனப்படும் உயிர்மீட்பு முதலுதவியைத் தொடர வேண்டும்.

நெடுநேரம் நீரில் கிடந்து விறைத்தவரிடம் தவறு வேறு திசையில் நடக்கிறது. நாடி தெரியவில்லை, கண்மணி விரிந்திருக்கிறது, உடல் கட்டைபோல இருக்கிறது, எனவே இறந்துவிட்டார் என்று முடிவு கட்டுகிறார்கள். கடுங்குளிரில் நிமிடத்துக்குச் சில துடிப்புகளே இருக்கலாம். அதனால் சுவாசத்தையும் நாடியையும் ஒரு முழு நிமிடம் வரை கவனித்துத் தேடுங்கள். மூச்சில்லை என்றாலோ சந்தேகம் இருந்தாலோ சிபிஆரைத் தொடங்கிவிடுங்கள். 1999 மே மாதம் நார்வேயில், பனிச்சறுக்கின்போது ஓர் ஓடையில் விழுந்த அன்னா போகென்ஹோம் என்ற மருத்துவர், பனிப்பாளத்தின் அடியில் 80 நிமிடம் சிக்கியிருந்தார். உள்வெப்பம் 13.7 டிகிரி வரை இறங்கியிருந்தது, இதயம் நின்றிருந்தது. மீட்டவர்கள் சிபிஆரை விடாமல் தொடர்ந்தார்கள். டிரோம்சோ மருத்துவமனையில் இதய-நுரையீரல் இயந்திரத்தின் மூலம் இரத்தத்தைச் சூடாக்கினார்கள். அவர் பிழைத்தார், மீண்டும் மருத்துவப் பணிக்கே திரும்பினார்.

அந்தச் சம்பவத்தை அளவுக்கு மீறி நம்பவும் கூடாது. பனிக்கடியில் காற்றிருந்த ஓர் இடைவெளியில் அவர் முதலில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். பிராணவாயு தீரும் முன்பே மூளை குளிர்ந்துவிட்டதால்தான் அது தாக்குப்பிடித்தது. முதலில் மூழ்கி, பிறகு குளிர்ந்தவரின் வாய்ப்பு மிகக் குறைவு. எது முதலில் நடந்தது என்று கரையில் நிற்பவருக்குத் தெரியாது என்பதால், அந்த முடிவை மருத்துவமனைக்கு விட்டுவிட்டு அழுத்துவதைத் தொடருங்கள். ஆம்புலன்ஸை அழைக்கும்போதே எத்தனை நிமிடம் நீரில் இருந்தார், முகம் நீருக்கு மேலே இருந்ததா என்ற இரண்டையும் சொல்லுங்கள். இதய-நுரையீரல் இயந்திரம் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாமா என்று தீர்மானிக்க அவை உதவும்.

முதலில் சொன்னவரிடம் திரும்புவோம். இம்முறை அவரைப் படுத்த நிலையில் எடுத்து, துணியை வெட்டி, சுற்றிக் கிடத்துகிறார்கள். பத்தாவது நிமிடத்தில் நடுக்கம் இன்னும் பலமாக இருக்கிறது, அது நல்ல அறிகுறி. இனிப்பான பானத்தை ஒருவர் பிடித்துக்கொள்ள மெல்லப் பருகுகிறார். நாற்பதாவது நிமிடத்தில் நடுக்கம் தணிந்திருக்கிறது, கிழமையைச் சரியாகச் சொல்கிறார், படகில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று அவரே கேட்கிறார். இப்போது உட்காரவைக்கலாம். தலைசுற்றல் இல்லை என்றால், பிறகு தாங்கிப் பிடித்து எழுப்பலாம். இடையில் நீரைக் குடித்துப் புரையேறியிருந்தால், எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நுரையீரலுக்குள் போன நீரால் மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்துக்கூடக் கூடலாம்.