அரை ஆயுட்காலக் கணக்கில் காலம் கண்டுபிடிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டையார்பேட்டையில் மாலை நேரத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லித் தருகிறேன். போன வாரம் காசிமேட்டிலிருந்து வரும் ஒரு மாணவி இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினாள். "அக்கா, எனக்கு 4.1 நாள் வருது. பின்னாடி விடை 13.9னு போட்டிருக்கு. எங்க தப்புன்னே தெரியல." டியூப்லைட் வெளிச்சம் பக்கத்தின் நடுவில் பட்டுப் பளபளத்தது. கேள்வி இதுதான்: அயோடின்-131இன் அரை ஆயுட்காலம் 8 நாள். ஒரு மாதிரியில் 70 சதவீத அணுக்கள் சிதைய எவ்வளவு காலம் ஆகும்?

அவள் போட்ட வழிமுறையில் ஒரு வரிகூடப் பிசகவில்லை. சூத்திரத்துக்குள் போட்ட எண்தான் தவறு. N = N₀ × (1/2)^(t/T) என்பதில் N என்பது இன்னும் சிதையாமல் மிச்சம் இருக்கும் அணுக்கள். 70 சதவீதம் சிதைந்தால் மிச்சம் 30. அவள் N/N₀ = 0.70 என்று போட்டுவிட்டாள். தமிழில் அச்சான கேள்விகளில் இது இன்னும் எளிதாக நடக்கும். 'சிதைந்த', 'சிதையாத' என்ற இரண்டு சொற்களும் மங்கலான படத்தில் ஒன்று போலவே தெரியும். ஆனால் கணக்கே தலைகீழாகிவிடும். அதனால் தாளில் முதல் வரியாக 'மிச்சம் = 30%' என்று எழுதச் சொல்கிறேன். 'சிதைந்தது' எவ்வளவு என்று எழுதவே வேண்டாம். எழுதினால் கை அதைத்தான் சூத்திரத்தில் போடும்.

படத்தில் இன்னொரு இடமும் ஏமாற்றும். அரை ஆயுட்காலத்தின் குறியீட்டில் T-க்குக் கீழே சின்னதாக 1/2 இருக்கும். படம் தெளிவாக இல்லாவிட்டால் அது Tஐ இரண்டால் வகுப்பது போலத் தெரியும். 8ஐ 4 ஆக்கிக் கணக்குப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த 1/2 வெறும் பெயர்தான், அதை வைத்து எதையும் வகுக்கக் கூடாது.

சரி, மிச்சம் 30 சதவீதம். லாக் டேபிளைத் திறப்பதற்கு முன் ஒரு நிமிடம் மனக்கணக்கு போடலாம். 8 நாளில் மிச்சம் 50. 16 நாளில் 25. நமக்கு வேண்டிய 30 இந்த இரண்டுக்கும் நடுவில், 25க்குப் பக்கத்தில் இருக்கிறது. அப்படியென்றால் விடை 8க்கும் 16க்கும் இடையில் வர வேண்டும். இதை மட்டும் எழுதி வைத்திருந்தால் 4.1 நாள் என்ற விடை வந்த உடனேயே மாட்டிக்கொண்டிருக்கும். பாதிகூடச் சிதையாத நேரத்தில் 70 சதவீதம் எப்படிச் சிதையும்?

ஆனால் இந்தச் சோதனையையும் தாண்டி வரும் ஒரு தவறு உண்டு. எனக்கு அதுதான் அதிகக் கவலை. "8 நாளில் 50 சதவீதம் சிதைந்தது, அப்போ 70 சதவீதத்துக்கு 11.2 நாள்" என்று நேர் விகிதத்தில் போடுவது. 11.2 என்பது 8க்கும் 16க்கும் நடுவில்தான் இருக்கிறது, பார்க்கவும் நியாயமாகத் தெரிகிறது. ஆனால் அதே விகிதத்தில் போனால் 16 நாளில் மொத்தமும் தீர்ந்துவிட வேண்டும். உண்மையில் அப்போதும் கால் பங்கு இருக்கும். ஒவ்வொரு 8 நாளிலும் பாதியாவது, அந்த 8 நாளின் தொடக்கத்தில் எவ்வளவு இருந்ததோ அதுதான். அணுக்கள் குறையக் குறைய ஒரு நாளில் சிதையும் எண்ணிக்கையும் குறையும். 11.2 நாளில் மிச்சம் ஏறக்குறைய 38 சதவீதம். 30 ஆக இன்னும் இரண்டரை நாளுக்கு மேல் வேண்டும்.

இனி மடக்கை. t அடுக்கில் உட்கார்ந்திருக்கிறது. அதைக் கீழே இறக்கத்தான் மடக்கை எடுக்கிறோம். எடுத்தால் கிடைப்பது:

t = T × log(N₀/N) / log 2

இயற்பியல் பொதுத் தேர்வில் கால்குலேட்டர் கிடையாது, லாக் டேபிள்தான். அங்கே பிள்ளைகள் தடுமாறுவது பார் குறியில். பலர் N/N₀ = 0.30 என்று வைத்து, அதன் மடக்கையைப் 'பார் 1.4771' என்று சரியாகவே எடுக்கிறார்கள். அடுத்த வரியில் அது −1.4771 ஆகிவிடும். பார் முன்னால் இருக்கும் 1க்கு மட்டும்தான். பின்னால் உள்ள .4771 கூட்டல் எண்தான். ஆகவே அது −1 + 0.4771, அதாவது −0.5229. −1.4771 என்று வைத்தால் விடை 39.3 நாள் வரும். அது கிட்டத்தட்ட ஐந்து அரை ஆயுட்காலம், அதற்குள் மிச்சம் 3 சதவீதம்தான் இருக்கும்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் பின்னத்தைத் திருப்பிப் போடுங்கள். பெரிய எண் மேலே, சிறிய எண் கீழே: N₀/N = 100/30 = 10/3. log 10 என்பது 1, log 3 என்பது 0.4771. கழித்தால் 0.5229. பாரும் இல்லை, கழித்தல் குறியும் இல்லை.

t = 8 × 0.5229 / 0.3010 = 13.9 நாள்

பாடநூல் வழி இன்னொன்று இருக்கிறது. முதலில் சிதைவு மாறிலி: λ = 0.6931/8 = 0.0866, அலகு நாள்⁻¹. அப்புறம் t = (1/λ) × ln(N₀/N). இந்த 0.6931 என்பது ln 2, இயல் மடக்கை. அதனால் மேலேயும் இயல் மடக்கையே வர வேண்டும். லாக் டேபிளில் பார்த்த 0.5229ஐ அப்படியே போட்டால் 6.04 நாள் வரும். அதை 2.303ஆல் பெருக்கி 1.204 ஆக்கினால்தான் 13.9 கிடைக்கும். இரண்டு மடக்கையும் ஒரே வகையாக இருந்தால் எந்த வகை என்பது முக்கியமில்லை, விகிதம் மாறாது. ஒன்று இயல், ஒன்று பத்தடிமானம் என்று கலந்தால்தான் வம்பு. அதனால்தான் λ கேட்காத கேள்வியில் λ கண்டுபிடிக்கவே வேண்டாம் என்பேன். அதை 0.09 என்று முன்கூட்டியே சுருக்கினால் விடை 13.4 ஆகிவிடும், அதில் அரை நாள் போய்விடும்.

விடை வந்த பிறகு அதைத் திரும்ப உள்ளே போட்டுப் பார்க்க இரண்டு வரி போதும். 13.9ஐ 8ஆல் வகுத்தால் 1.7375. அதை 0.3010ஆல் பெருக்கினால் 0.5230. பத்துக்கு எவ்வளவு மிச்சம் என்று பார்க்க, log 10 ஆன 1இலிருந்து அதைக் கழித்தால் 0.4770. எதிர்மடக்கை பார்த்தால் 3.0, அதாவது மிச்சம் பத்தில் மூன்று பங்கு.

அந்த மாணவி மறுநாள் வகுப்பில் இதையெல்லாம் போட்டு முடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள்: "எங்க சித்திக்குத் தைராய்டுக்கு இந்த மருந்துதான் கொடுத்தாங்க. அவங்க உடம்புலயும் 13.9 நாள்ல 30 சதவீதம்தான் இருக்குமா?" இல்லை. இந்தக் கணக்கு ஒரு குப்பியில் மூடி வைத்த மாதிரிக்கு. உடம்பில் சிதைவு ஒரு பக்கம் நடக்க, சிறுநீர் வழியாகவும் அயோடின் வெளியேறிக்கொண்டே இருக்கும். அதனால் அங்கே மிச்சம் 30 சதவீதத்துக்கு இன்னும் சீக்கிரமே வந்துவிடும். அதைக் கணக்கிட 8 நாள் என்ற ஒரு எண் மட்டும் போதாது, உடம்பு எவ்வளவு வேகமாக வெளியேற்றுகிறது என்பதும் தெரிய வேண்டும்.