பட்டியலில் இல்லாத மகன்கள்

வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகள் அனுப்பும் பணத்துக்கும் முதியோரின் மருத்துவச் செலவுக்கும் உள்ள தொடர்பை அறிய, தேசியக் குடும்பக் கணக்கெடுப்பு ஒன்றின் தரவை எடுத்தேன். உறுப்பினர் கோப்பில் அத்தகைய பிள்ளைகளே தென்படவில்லை. கோப்புகளை மீண்டும் இணைத்தும், புள்ளியியல் எடைகளை மாற்றியும் மூன்று நாள் வீணாயிற்று.

பல வீடுகளில் ‘மருமகள், திருமணமானவர்’ என்று பதிவிருக்க, மகன் மட்டும் பட்டியலில் இல்லாததைக் கவனித்த பிறகே, வினாத்தாளை விட்டுக் களப்பணியாளர் கையேட்டைத் திறந்தேன். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்குபவர் குடும்ப உறுப்பினர் அல்லர் என்பது அங்கிருந்த வரையறை.

எனினும், அவர்கள் அனுப்பிய தொகை குடும்ப வருமானப் பகுதியில் தனியாகப் பதிவாகியிருந்ததால், பகுப்பாய்வின் அலகை நபரிலிருந்து குடும்பத்துக்கு மாற்றி, பணம் பெறும் வீடுகளையும் பெறாத வீடுகளையும் ஒப்பிடுவதாகக் கேள்வியைத் திருத்தினேன், நிம்மதியாயிற்று. அனுப்பியவரின் வயது, கல்வி பற்றி இத்தரவு எதுவும் சொல்லாது.