மகள் போனை வைத்த பிறகு

மகனும் மகளும் வெளியூர் போன பிறகு, நானும் என் கணவரும் என்னதான் பேசுகிறோம் என்று ஒரு வாரம் கவனித்தேன். பிள்ளைகள், பில், மாத்திரை. அவ்வளவுதான். மகள் போனை வைத்ததும் வீடு கப்சிப். சண்டையெல்லாம் இல்லை, 26 வருடம் பிள்ளைகளை வைத்தே பேசிப் பழகிவிட்டோம்.

முதலில் டிவியை அணைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து, "ஏதாவது பேசுங்களேன்" என்றேன். "என்ன பேச?" என்றார். நேர்முகத் தேர்வு மாதிரி இருந்தது. மூன்றே நாளில் விட்டுவிட்டேன்.

அப்புறம் சாயங்காலம் 20 நிமிடம் நடக்க ஆரம்பித்தோம். ஒரே நிபந்தனை, வீடு திரும்பும்வரை பிள்ளைகள் பேச்சு கூடாது. முதல் வாரம் பெரும்பாலும் செருப்புச் சத்தம்தான். ஆனால் பக்கத்தில் நடக்கும்போது முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை, மௌனமும் உறுத்துவதில்லை. பத்தாம் நாள், சைக்கிள் பழகும் ஒரு பையனைப் பார்த்து, "எனக்கு இன்னும் சைக்கிள் ஓட்ட வராது" என்றார். எனக்கே தெரியாது! "ஏன் கற்றுக்கொள்ளவில்லை?" என்று கேட்டிருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பார். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்டேன். விழுந்தது, அண்ணன் சிரித்தது என்று வாசல் வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

பழைய மனத்தாங்கல்கள் நடையில் கரையவில்லை. ஒன்றைத் தனியாக உட்கார்ந்துதான் பேசினோம், அழுகையோடு. நேற்று மழை, நடக்கவில்லை. அவரே இரண்டு நாற்காலிகளை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டார்.