கீமோ நாட்களில் பயணம்: காய்ச்சலை அமுக்கிவிட்டு ஊர் போகாதீர்கள்

மாஸ்க் போடுங்கள், கையைக் கழுவுங்கள் என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அதை விடுகிறேன். போன மாதம் செக்கப்புக்குப் போனபோது பக்கத்தில் இருந்த தென்காசிக்காரர், "ரயில்ல லேசா காய்ச்சல். மாத்திரை போட்டேன், சரியாப் போச்சு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அதே மாத்திரையைப் போட்டவள்தான் நானும்.

பாரசிட்டமால் போட்டுச் சமாளிப்பது

மூன்றாவது கீமோ முடிந்து பத்தாம் நாள், மதுரையில் ஒரு கல்யாணம். உடம்பு நன்றாக இருந்ததால் பஸ் ஏறினேன். பெரும்பாலான கீமோக்களில் 7 முதல் 14 நாள் வரைதான் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். உடம்பு தேறியது போலத் தெரிவதும் அதே நாட்களில்தான்.

ராத்திரி குளிர் எடுத்தது. 101 டிகிரி. மாத்திரை போட்டேன், வியர்த்து இறங்கிவிட்டது. காலையில் தாலி கட்டுவதைப் பார்த்துவிட்டு, திரும்பும் பஸ்ஸில் மயங்கி விழுந்தேன். கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுவான நியூட்ரோஃபில் வெறும் 200 என்றார்கள். எட்டு நாள் வார்டு.

நியூட்ரோஃபில் குறைந்தால் சீழ் பிடிக்காது, சிவக்காது, சளிகூடக் கட்டாமல் போகலாம். கிருமி உள்ளே பரவுவதற்குப் பெரும்பாலும் ஒரே அடையாளம் காய்ச்சல்தான். சில சமயம் அதுவும் வராமல் வெறும் நடுக்கம் மட்டும் வரும். மாத்திரை அந்த அடையாளத்தை அழிக்கிறது, கிருமியை அல்ல. தெர்மாமீட்டர் ஒருமுறை 100.4 காட்டினாலே போதும், பயணம் அங்கேயே முடிந்தது. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி ஏற வேண்டும். ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்புத்தான் ஆளை அடிக்கும்.

ரயிலில் இருந்தால் 139-க்குப் போன் போடுங்கள், பெரிய ஸ்டேஷனில் இறங்குங்கள். பஸ் என்றால் அடுத்த ஊரில் நிறுத்தச் சொல்லி 108. அங்கே இருக்கும் டாக்டருக்கு உங்களைத் தெரியாது. "கீமோ போட்டு பத்தாம் நாள், காய்ச்சல்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டுங்கள். இல்லாவிட்டால் டோக்கன் கொடுத்து உட்கார வைத்துவிடுவார்கள்.

டாய்லெட்டுக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது

ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து கட்டும் ஆபத்து கேன்சரிலும் கூடுதல், கீமோவிலும் கூடுதல். நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் இன்னும் கூடும். தண்ணீர் குடியுங்கள், மணிக்கொரு தடவை கதவு வரை நடங்கள். பஸ்ஸில் கணுக்காலையாவது ஆட்டிக்கொண்டே இருங்கள்.

விமானம்

ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே என்றால் டாக்டரைக் கேட்காமல் டிக்கெட் போடாதீர்கள்.

வீங்கிய காலுக்குத் தைலம்

இரண்டு காலும் வீங்கினால் உட்கார்ந்த களைப்பாக இருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச் சதை வலித்தால் யாரையும் நீவிவிட விடாதீர்கள். உறைந்த ரத்தக்கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். கூடவே மூச்சு வாங்கினால் உடனே 108.