படத்தைத் துண்டு போடும்போதே நடந்துவிடும் தவறுகள்

2020-இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட, படத்தில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் விஷன் டிரான்ஸ்ஃபார்மர் என்ற மாடல், போட்டோவை முதலில் சதுரத் துண்டுகளாக வெட்டிக்கொள்ளும். 224-க்கு 224 பிக்சல் படம் என்றால், 16-க்கு 16 பிக்சல் துண்டுகளாக வரிசைக்கு 14 வீதம் 14 வரிசை, மொத்தம் 196. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் சேர்த்தால் ஒரு துண்டுக்கு 768 எண்கள்.

B படங்களை B, 3, 224, 224 என்ற வடிவில் வைத்திருக்கும் x-ஐ இப்படி வெட்ட நாமே நிரல் எழுதும்போது பலரும் விழுகிற பள்ளம் இது:

```python
p = x.reshape(B, 196, 768)
```

எந்தப் பிழைச் செய்தியும் வராது. படத்தில் இருக்கும் 1,50,528 எண்களும் 196-ஐ 768-ஆல் பெருக்கினால் வருவதும் ஒன்றுதான், அதனால் கணக்கு ஒத்துப்போய்விடும். ஆனால் `reshape` சதுரமாக வெட்டுவதில்லை, நினைவகத்தில் எண்கள் இருக்கும் வரிசையிலேயே நறுக்கிக்கொண்டு போகும். முதல் 'துண்டில்' சிவப்பு நிறம் மட்டும்தான் இருக்கும்: மேலே மூன்று முழு வரிகள், நான்காவது வரியில் 96 பிக்சல். ஒரு கண்ணோ காதோ அதற்குள் அடங்காது, நீளமான கீற்றுதான் கிடைக்கும். இதில் கொடுமை என்னவென்றால், மாடல் அப்படியும் கொஞ்சம் கற்றுக்கொள்ளும். அதனால் தரவு போதவில்லை என்று நினைத்து வாரக்கணக்கில் வேறெங்கோ தேடுவோம். சரியான வழி:

```python
p = x.reshape(B, 3, 14, 16, 14, 16)
p = p.permute(0, 2, 4, 1, 3, 5).reshape(B, 196, 768)
```

பயிற்சியைத் தொடங்கும் முன் ஒரு துண்டை எடுத்து 3, 16, 16 என்று மடித்துப் படமாக வரைந்து பாருங்கள். போட்டோவின் ஒரு மூலை தெரிந்தால் சரி, கோடு கோடாக வந்தால் வெட்டு தப்பு.

அடுத்த தவறு வெட்டுவதற்கும் முன்னால் நடக்கிறது. போனில் எடுத்த மளிகைக்கடை ரசீது, 4000-க்கு 3000 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான முன்தயாரிப்பு சிறிய பக்கத்தை 224 ஆக்கும், அதாவது 13 மடங்குக்கு மேல் சுருக்கும். 40 பிக்சல் உயரமிருந்த எழுத்து 3 பிக்சலாகிவிடும். அப்புறம் நடுவில் சதுரமாக வெட்டும்போது அகலத்தில் கால் பங்கு போய்விடும், ஓரத்தில் இருந்த தொகையும் அதோடு போகலாம். இதைத் துண்டின் குற்றம் என்று நினைத்து 16-ஐ 8 ஆக்கினால் பயனில்லை. தொலைந்த எழுத்து திரும்பாது, துண்டுகள் மட்டும் 784 ஆகிக் கணக்கு வேலை ஏறும். ரசீதில் வேண்டிய பகுதியைப் பெரிய படத்திலிருந்தே தனியாக வெட்டிக் கொடுங்கள்.

படத்தையே 384 பிக்சலாகப் பெரிதாக்கினால் துண்டுகள் 576 ஆகும். எந்தத் துண்டு எங்கே இருந்தது என்று சொல்லும் இட எண்களோ 196 துண்டுக்குத்தான் கற்றவை. அவற்றை 14-க்கு 14 கட்டமாக அடுக்கி, 24-க்கு 24 ஆக இடைக்கணித்து விரிக்க வேண்டும். துண்டுகளுக்கு முன்னால் சேரும், படம் எந்த வகை என்று சொல்ல உதவும் வகைப்பாட்டு டோக்கனின் இட எண்ணைத் தனியே எடுத்து வைத்துவிட்டு இதைச் செய்யுங்கள்.