மொட்டை மாடி ஒழுகலைத் தடுக்கும் வேலை: மழைக்கு முன் நாங்கள் செய்வது இதுதான்

மழைக்காலத்துக்குக் குறைந்தது மூன்று வாரம் இருக்கும்போதே எங்களைக் கூப்பிடுங்கள் என்று சொல்வது ஆர்டர் பிடிப்பதற்காக இல்லை. மாடி காய்வதற்கும் பூச்சு இறுகுவதற்கும் அவ்வளவு நாள் வேண்டும். முதல் மழையில் ஒழுகிய பிறகு வந்து ஈரத்தின் மேலேயே பெயிண்ட் அடித்தால், அடுத்த வெயிலில் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிக் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிடும்.

வந்ததும் முதல் வேலை, தண்ணீர் வருவது மாடியிலிருந்துதானா என்று பார்ப்பது. மழையே இல்லாத நாளிலும் கூரையில் ஓதம் பரவுகிறது என்றால் தண்ணீர்த் தொட்டியையும் அதன் குழாய் இணைப்புகளையும் சந்தேகப்பட வேண்டும், அதற்குப் பூச்சு வேலை தேவையே இல்லை. சரி, மாடிதான் என்று தோன்றினால் மழைநீர்க் குழாயின் வாயை அடைத்து, ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் தேக்கி, இரண்டு நாள் விட்டுக் கீழே எங்கே கசிகிறது என்று சாக்பீஸால் குறித்துக்கொள்வோம். தண்ணீரைத் திறந்துவிட்ட பிறகும் எங்காவது குட்டையாக நின்றால் அங்கே வாட்டம் சரியில்லை என்று அர்த்தம். பூச்சுக்கு முன்னால் கலவை போட்டு அதைச் சரிசெய்தாக வேண்டும்.

அப்புறம் சுத்தம். பாசி, பழைய பெயிண்ட், உதிர்கிற சிமெண்ட் எல்லாம் கம்பி பிரஷ்ஷாலும் அழுத்தமான தண்ணீராலும் போக வேண்டும். நன்றாகக் காய்ந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு சின்ன சோதனை உண்டு. பிளாஸ்டிக் தாளை முழம் அளவுக்குச் சதுரமாக வெட்டித் தரையில் வைத்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி, மறுநாள் காலையில் எடுத்துப் பாருங்கள். அடியில் நீர்த்துளி நின்றால் இன்னும் காயவில்லை.

விரிசல்களை மேலோட்டமாக மெழுகிவிடக் கூடாது. விரிசல் நெடுக V வடிவத்தில் வெட்டி, தூசியை ஊதி எடுத்து, ரப்பர் மாதிரி இழுபடும் பாலியூரித்தேன் சீலண்டால் நிரப்புகிறோம், ஏனென்றால் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் தளத்தில் வெறும் சிமெண்டை அடைத்தால் அதே இடத்தில் மறுபடி பிளக்கும். தரையும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலைதான் அதிகம் ஒழுகும் இடம். அங்கே பாலிமர் சேர்த்த கலவையால் வளைவாகப் பூசி, அது இறுகும்வரை சில நாள் விட்டுவிடுவோம்.

இனி பூச்சு. முதலில் பிரைமர், அது காய்ந்ததும் அக்ரிலிக் பூச்சை அடித்து, ஈரமாக இருக்கும்போதே கண்ணாடி இழை வலையை அதில் பதித்து ஒரு இரவு விடுகிறோம். பிறகு இன்னும் இரண்டு பூச்சு, ஒன்று நீளவாக்கில், மற்றது குறுக்கே. சுவரிலும் ஓர் அடி உயரம் வரை ஏற்றி அடிக்க வேண்டும்.

ஏமாற்று நடப்பது இந்த இடத்தில்தான், கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். 20க்கு 30 அடி மாடி என்றால் தரை 600 சதுர அடி, சுவரோரம் சுற்றளவு 100 அடிக்கு ஓர் அடி உயரம் என்று இன்னொரு 100 சதுர அடி. மொத்தம் 700, அதாவது ஏறக்குறைய 65 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டரைப் பரப்பினால் ஈரத்தில் 1 மில்லிமீட்டர் கனம் வரும். நாங்கள் பயன்படுத்தும் பூச்சில் பாதி ஆவியாகிப் போகும் என்பதால், காய்ந்த பிறகு 1 மில்லிமீட்டர் நிற்க சதுர மீட்டருக்கு 2 லிட்டர் வேண்டும். ஆக 130 லிட்டர், 20 லிட்டர் பக்கெட் என்றால் ஏழு. இதே மாடியை மூன்று பக்கெட்டில் முடித்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் மாடியில் இருப்பது அரை மில்லிமீட்டர்கூட இல்லை, வெள்ளையாகத் தெரிவது மட்டும்தான் மிச்சம். காலிப் பக்கெட்டுகளை எண்ணிப் பார்க்கும்வரை எங்களுக்குக் கடைசித் தவணை கொடுக்காதீர்கள்.

ஏழு நாள் இறுகவிட்டு, மறுபடி தண்ணீர் தேக்கி உங்கள் முன்னாலேயே காட்டிவிட்டுத்தான் வாரண்டிச் சீட்டு எழுதுகிறோம். 5 ஆண்டு. பூச்சு உரிந்தாலோ, கொப்புளித்தாலோ, நாங்கள் அடைத்த விரிசல் திறந்துகொண்டாலோ பொருளும் கூலியும் எங்கள் செலவு. பொருளுக்கு மட்டும் வாரண்டி என்று எழுதித் தருபவர்களும் உண்டு, அதில் ஒரு பக்கெட் இலவசமாக வரும், ஆள் வரமாட்டார்.

கட்டடமே அமிழ்வதால் புதிதாக வரும் விரிசல் இதில் சேராது. டிஷ் ஆண்டெனாவுக்கோ ஏசி ஸ்டாண்டுக்கோ தளத்தில் துளை போட்டால் அந்த இடத்துக்கு வாரண்டி கிடையாது, ஆனால் துளை போடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொன்னால் வந்து சீலண்ட் வைத்துக் கொடுத்துவிடுவோம், அதற்குக் காசு வாங்குவதில்லை.